படத்தில் இருக்கும் கோடும் கணக்கில் சேர்த்திதான்

"ஐயா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு ஜியோமெட்ரி ஒர்க்‌ஷீட் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது. கேள்விகளை டைப் செய்து கொடுத்தால், போடவே முடியவில்லை என்கிறார்கள் பிள்ளைகள். என்ன விட்டுப்போகிறது?"

கேள்வி வரி "x-ஐக் காண்க" என்று மட்டும்தான் இருக்கும். கொடுத்த விவரம் முழுக்க படத்தில் இருக்கும். அதனால் முதலில் படத்தை எழுதுங்கள், அப்புறம் கேள்வியை. ஓர் உதாரணம்:

"முக்கோணம் ABC. BC கோடு C-ஐத் தாண்டி D வரை நீள்கிறது. AB, AC இரண்டிலும் ஒரு சிறு குறுக்குக்கோடு. ∠ACD = 110°. ∠BAC = x."

இப்போது போட்டோவை மூடிவிட்டு, எழுதியதை மட்டும் வைத்துக் கணக்கைப் போடுங்கள். ∠ACB = 70°. குறுக்குக்கோடு இருப்பதால் AB = AC, ஆகவே ∠ABC-யும் 70°. x = 40°. அந்தக் குறுக்குக்கோட்டை விட்டிருந்தால் x + ∠ABC = 110° என்பதோடு நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இணைகோட்டு அம்பு, செங்கோணச் சதுரம் இரண்டும் இப்படித்தான் தொலையும். குறி இல்லாத இடத்தில், பார்க்கச் சமமாக இருக்கிறதே என்று நீங்களாக "சமம்" என்று எழுதவும் கூடாது.

போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கும் ஆப் வைத்திருந்தால் பாகைக் குறியைப் பாருங்கள். 110° பல நேரம் 1100 ஆகிவிடும்.

இந்த முறை ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. கோணமானியால் அளக்கச் சொல்லும் கேள்வியில் படத்தை வார்த்தையில் எழுதினால் விடையையே எழுதியதாகும். அங்கே படத்தை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுத்த போட்டோவாக இருக்கட்டும், சாய்த்து எடுத்தால் கோணமே மாறிவிடும். ஒட்டிய பிறகு மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டில் இழுத்தாலும் கோணம் கெடும். ஸ்கேலால் நீளம் அளக்கும் கேள்வி என்றால் இதுவும் போதாது. அச்செடுத்ததும் ஒரு கோட்டை அசல் தாளோடு அளந்து பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பிரிண்டரின் "பக்கத்துக்குள் அடக்கு" வசதி படத்தைச் சுருக்கிவிடும்.

டைப்பிங் கடையில் கொடுக்காதீர்கள். பக்கத்துக்கு இத்தனை ராண்ட் என்று வாங்கிக்கொண்டு, படத்தை "அழகாக" வரைந்து தருவார்கள், குறுக்குக்கோடும் அம்பும் இல்லாமல். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் போட்டோவை மூடிவிட்டுக் கணக்கைப் போடும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இத்தனை பாடும் எதற்கு என்றுதான் எனக்குக் கோபம். அசல் ஃபைல் ஆசிரியரின் கம்ப்யூட்டரில் இருக்கும். நகலுக்கு நகல் எடுத்து, அதைப் போட்டோ பிடித்து அனுப்புகிறார்கள். ஃபைலையே கேளுங்கள். இல்லையென்றால் போட்டோவை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, முதலில் மங்குவது அந்தக் குறுக்குக்கோடுகள்தான்.