தள்ளுபடியா, விளம்பரமா: 950 ஆர்டரில் எதற்கு எவ்வளவு பங்கு?

கேள்வி: ஆன்லைனில் பொருள் விற்கிறோம். போன திங்கட்கிழமை எல்லாப் பொருளுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி போட்டோம். அன்றைக்கே விளம்பரப் படங்களை மாற்றி, விளம்பரச் செலவையும் இரட்டிப்பாக்கினோம். வாரத்துக்கு 500 ஆக இருந்த ஆர்டர் 950 ஆகிவிட்டது. தள்ளுபடிதான் காரணம் என்கிறார் என் பங்குதாரர். விளம்பரம்தான் என்கிறேன் நான். 100க்கு விற்றால் 40 மிஞ்சும் தொழில் இது. கணக்கை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: மொத்த ஆர்டரை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாதாடினாலும் இது தீராது. நல்லவேளையாக, யார் எந்த வழியாக வந்தார்கள் என்ற பிரிவும் நீங்கள் அனுப்பிய கணக்கில் இருக்கிறது.

விளம்பரத்தைத் தொடாமல், முகவரியைத் தாங்களே தட்டி வந்தவர்களை முதலில் பாருங்கள். தள்ளுபடி இவர்கள் கண்ணில் பட்டது, புது விளம்பரம் பெரும்பாலும் படவில்லை. அதனால் தள்ளுபடியை உரசிப் பார்க்க இவர்கள்தான் உரைகல். வழக்கமான வாரத்தில் இவர்களின் 10,000 வருகையில் 300 ஆர்டர். தள்ளுபடி வாரத்திலும் வருகை அதே 10,000தான், ஆர்டர் மட்டும் 450. ஆக, தள்ளுபடி வாங்குவோரை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறது.

இப்போது விளம்பரம் வழியாக வந்தவர்கள். முன்பு 10,000 வருகைக்கு 200 ஆர்டர், இப்போது 20,000 வருகைக்கு 500. இவர்களிடமும் தள்ளுபடி அதே ஒன்றரை மடங்கு வேலை செய்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 500ஐ ஒன்றரையால் வகுத்தால் 333. தள்ளுபடியே இல்லாமல் விளம்பரம் மட்டும் மாறியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆர்டர் அது. வருகை இரட்டித்தும் ஆர்டர் 400ஐத் தொடவில்லை, கவனித்தீர்களா? செலவைக் கூட்டும்போது வாங்கும் எண்ணம் குறைவாக உள்ளவர்களிடமும் விளம்பரம் போய்ச் சேர்வது சகஜம்.

சரி, கூட்டிப் பார்க்கலாம். தள்ளுபடி மட்டும் இருந்திருந்தால் 500 ஆர்டர் 750 ஆகியிருக்கும், அதாவது 250 கூடுதல். விளம்பரம் மட்டும் என்றால் 133 கூடுதல். மீதி 67 இரண்டும் சேர்ந்ததால் வந்தது: புது விளம்பரம் அழைத்து வந்து, தள்ளுபடி வாங்க வைத்த ஆட்கள். இதை யார் பேரில் எழுதுவது என்பதற்கு நியாயமான விடை கிடையாது. நான் தனி வரியாகவே எழுதி வைப்பேன். விளம்பர டாஷ்போர்டோ தன் வழியாக வந்த 500ஐயும் கூசாமல் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்!

ஆர்டர் எண்ணிக்கையில் உங்கள் பங்குதாரர் ஜெயித்துவிட்டார். ஆனால் லாபத்தைப் பாருங்கள். விலையில் 20 குறைத்ததும் 40 மிஞ்சிய இடத்தில் 20தான் மிஞ்சும். 500 ஆர்டரில் 20,000 மிஞ்சியது, 950 ஆர்டரில் 19,000. விளம்பரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததை இன்னும் கழிக்கவே இல்லை.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் சறுக்கலாம். புதுப் படத்திலேயே '20 சதவீதம் தள்ளுபடி' என்று எழுதியிருந்தீர்களா? அப்படியென்றால் அந்தக் க்ளிக்கே தள்ளுபடியால் வந்தது, மேலே பிரித்த பிரிவு நிற்காது. இன்னொன்று, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பெயரைத் தட்டி வருபவர்களும் உண்டு. உங்கள் நேரடி வருகை 10,000ஐத் தாண்டாததால் இங்கே அது பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மடங்கு என்பதையும் கல்லில் பொறித்த எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் 300 ஆர்டர் என்றால் எந்த மாற்றமும் செய்யாமலே 35 கூடும், குறையும். அதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான மடங்கு ஏறக்குறைய 1.3க்கும் 1.75க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். ஆர்டர் 300க்குப் பதில் 30 ஆக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் கணக்குப் போடவே சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் தள்ளுபடியை எடுத்துவிட்டு, விளம்பரத்தை அதே படம், அதே செலவில் ஓட விடுங்கள். நேரடியாக வருபவர்களின் ஆர்டர் 300க்குக் கீழே போனால் பதற வேண்டாம். அடுத்த மாதம் வாங்க இருந்தவர்கள் தள்ளுபடியில் முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள். அந்தக் குறைவை இரண்டு மூன்று வாரம் எழுதி வைத்து, தள்ளுபடி தந்த கூடுதலிலிருந்து கழியுங்கள். விளம்பர வழி ஆர்டரைத் தனியாகப் பாருங்கள். 285 முதல் 385 வரை வந்தால் மேலே போட்ட கணக்கு சரி. மறுபடி 200க்கே இறங்கினால், இரட்டித்த செலவு தள்ளுபடிக்காக வந்தவர்களைத்தான் கூட்டி வந்திருக்கிறது. அப்போது செலவைப் பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.