பழைய டிபி குழியா, புது டிபியா?

கேள்வி: "அப்பாவுக்கு 61 வயது, சுகர் உண்டு. 2014-ல் டிபி வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு முடித்தார். இப்போது மூட்டு ஆபரேஷனுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேல் பகுதியில் நிழலும் குழியும் இருக்கிறதாம். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. திரும்பவும் டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆரம்பிக்கலாமா டாக்டர்?" - ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து ஆரம்பிக்க வேண்டாம் அம்மா. முதலில் பீரோவைத் திறந்து 2014 படங்களைத் தேடுங்கள். மருந்து ஆரம்பித்தபோது எடுத்தது அல்ல, முடித்தபோது எடுத்தது வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்த்து இழுக்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

பெரியவர்களுக்கு வரும் டிபி பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில்தான் குடியேறும், அந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அது அங்கேதான் அதிகம். அங்கே அழுகிய திசு பாலாடைக்கட்டி மாதிரி ஆகி, பிறகு இளகி, பக்கத்து மூச்சுக்குழலில் உடைத்துக்கொண்டு இருமலோடு வெளியே போய்விடும். காலியான இடத்தில் காற்று நிரம்பும், அதுதான் படத்தில் வெள்ளை வளையத்துக்குள் கறுப்பாகத் தெரிகிற குழி. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் போன திசுவைத் திருப்பித் தராது. முழுக்கக் குணமானவரின் படத்திலும் அந்தக் குழி ஆயுசுக்கும் இருக்கலாம்.

பழசா புதுசா என்பதற்குப் படத்திலேயே சில ஜாடைகள் உண்டு. ஆறிய தழும்பு சுருங்கும். சுருங்கும்போது மூச்சுக்குழாயைத் தன் பக்கம் இழுக்கும், நுரையீரலின் வேர்ப்பகுதியை மேலே தூக்கும், கோடுகள் பென்சிலால் போட்ட மாதிரி கூர்மையாக இருக்கும், நடுவில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியலாம். புதுசாக இருந்தால் நிழலின் ஓரம் பிரித்த பஞ்சு போல மங்கலாக, குழியின் சுவர் தடிப்பாக இருக்கும், சில சமயம் அதே பக்கத்தின் கீழேயோ எதிர்ப் பக்கத்திலோ சின்னச் சின்னப் பொட்டுகள் தெறித்திருக்கும். ஆனால் தழும்புக்குள்ளேயே புது நோயும் ஒளிந்திருக்கலாம், உச்சிப் பகுதியை வேறு காறை எலும்பு பாதி மறைத்துவிடும், அதனால் ஒற்றைப் படத்தை நம்பி நான் எழுதித் தருவதில்லை. ஆறு மாத இடைவெளியாவது உள்ள இரண்டு படங்களில் நிழல் இம்மியும் மாறவில்லை என்றால்தான் ஆறிய தழும்பு என்று பேசவே தொடங்குவேன்.

அப்புறம் சளி. இருமலே இல்லாதவரிடம் கேட்டால் எச்சிலைத்தான் துப்பிக் கொடுப்பார், அதில் ஒன்றும் வராது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வராவிட்டால் உப்புநீர் ஆவி கொடுத்து எடுப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிபிநாட் என்கிற டெஸ்ட் கிருமியின் மரபணுவைத் தேடும், கிருமி உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று அதற்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு, முந்தைய மருந்தை முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, எக்ஸ்ரேயில் குழி, சிபிநாட்டில் 'மிகக் குறைவு' என்று பாசிட்டிவ். பழைய படத்தை அவர் மனைவி மஞ்சப்பையில் மடித்துக் கொண்டுவந்தார், அந்த மடிப்புக் கோடு சரியாகக் குழியின் குறுக்கே! ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் குழி அதே அளவு, அதே மெல்லிய சுவர். எடை குறையவில்லை, சாயங்காலக் காய்ச்சல் இல்லை. மாத்திரை தராமல், சளியில் உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினோம், ஆறு வாரம் காத்திருந்தும் எதுவும் வளரவில்லை. செத்த கிருமியின் மிச்சம்தான் அது. உங்கள் அப்பாவுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அவருக்குப் பாசிட்டிவ் வந்தால் நான் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனாலும் கல்ச்சர் கேட்பேன். உயிருள்ள கிருமி வளர்ந்தால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும், இரண்டாம் தடவை மருந்து எடுப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

சுகர் இருப்பதால் படத்தின் கீழ்ப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள், சுகர்காரர்களுக்கு டிபி குழி சில சமயம் கீழேயும் வரும். குழிக்குள் ஒரு உருண்டையும் அதன் மேல் மூன்றாம் பிறை மாதிரி காற்றும் தெரிந்தால் அது பூஞ்சை, டிபி மாத்திரைக்குப் போகாது. குழியின் சுவர் கரடுமுரடாகத் தடித்திருந்தால், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் இருந்தவர் என்றால், சிடி ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

மூட்டு ஆபரேஷன் அவசரமில்லை, கல்ச்சர் முடிவு வரை தள்ளி வைக்கலாம். நடுவில் சளியில் ரத்தம் கண்டால் மட்டும், அது ஒரு ஸ்பூன் அளவாக இருந்தாலும், முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பழைய குழியின் சுவரில் ஓடும் ரத்தக் குழாய் உடைந்தும் அப்படி வரும்.