ரௌட்டரில் WAN IP 100.72 என்று வந்தால்

“கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை. கேமராவை வெளியிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வரவில்லை. ரௌட்டரில் WAN IP 100.72.14.9, Gateway 100.72.0.1, Uptime 2 மணி நேரம். ஆனால் ரௌட்டரைக் கடைசியாக அணைத்துப் போட்டு 9 நாள் ஆகிறது, அதன்பின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கே தப்பு?”

உங்கள் கைவேலையில் தப்பு இருக்காது. WAN IP என்ற முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை தொடங்கும் எண்கள், இணைய நிறுவனம் தன் வலைக்குள் மட்டும் வைத்துக்கொள்பவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு அவர்கள் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரௌட்டர் வரை வராது. சரிபார்க்க, அதே வைஃபையில் கூகுளில் what is my ip என்று தேடுங்கள். வேறு எண் வந்தால் இதுதான் காரணம். நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். அதுவரை கேமராவின் சொந்த ஆப் வழியாகப் பார்க்கலாம், அதற்கு போர்ட் திறக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த 2 மணி நேரம். அது ரௌட்டர் ஓடும் நேரம் இல்லை, இணைப்பு கடைசியாகக் கிடைத்ததிலிருந்து கணக்கு. அதாவது கரண்ட் போகாமலே லைன் அறுந்து வந்திருக்கிறது. இரண்டு நாள் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பூஜ்யமானால் நிறுவனமே புதுப்பிக்கிறது என்று கொள்ளலாம். கண்டபடி விழுந்து, ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டும் LOS விளக்கும் சிவப்பானால் ஃபைபரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

Gateway நிறுவனத்தின் முதல் கருவி, அதை விட்டுவிடுங்கள். ping 8.8.8.8 பதில் தந்தும் தளங்கள் திறக்காதபோது மட்டும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் DNS-ஐ மாற்றிப் பாருங்கள்.