ஸ்கேனர் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: ஆவடியில் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறோம். தினமும் 15 லிட்டர் பால் வாங்குகிறோம். டீ 15 ரூபாய். வடை, பஜ்ஜி கிடையாது. இரவில் கல்லாவில் 1,800 ரூபாய்தான் இருக்கிறது. மீதி ஸ்கேனரில் வருகிறது. அது என் தம்பியின் வங்கிக் கணக்கு, அவன்தான் போட்டுக் கொடுத்தான். வாரம் 5,000 ரூபாய் தருகிறான். காலையில் பால் வாங்கப் பணம் இல்லாமல் 20,000 ரூபாய் தண்டல் எடுத்திருக்கிறேன். அறுபதாம் நாளில் அதைப் புதுப்பித்துக்கொள்வேன். தினமும் 100 ரூபாய் டிஜிட்டல் தங்கத்தில் போட்டால் இதிலிருந்து மீளலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தங்கத்தைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்த ஸ்கேனர்தான்.

டீக்கடையில் பால்தான் மீட்டர். தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் பாலில் சுமார் 14 டீ போடலாம். 15 லிட்டருக்கு 210 டீ, அதாவது 3,150 ரூபாய். கல்லாவில் 1,800 இருந்தால் ஸ்கேனரில் 1,350 வந்திருக்க வேண்டும். நீங்கள் குடித்தது, கடன் சொல்லிப் போனது, திரிந்தது என்று பத்து டீயைக் கழித்துவிடுங்கள். அப்போதும் ஒரு நாளுக்கு 1,200, வாரத்துக்கு 8,400. உங்களுக்கு வருவது 5,000. வாரம் 3,400 ரூபாய் எங்கோ நின்றுவிடுகிறது.

தம்பி எடுத்துக்கொள்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வண்டித் தவணையோ கைப்பேசிக் கட்டணமோ அதே கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருக்கலாம். அவருக்கே கணக்குத் தெரியாமல் இருக்கலாம். கடந்த மாத வங்கி அறிக்கையை எடுத்து, 15, 30, 45 என்று வந்த வரவுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். வேறு தொகை வந்தால் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே நம்புங்கள்.

தொகை எதுவாக இருந்தாலும் ஸ்கேனர் உங்கள் கணக்குக்கு மாற வேண்டும். இந்த வாரமே வங்கிக்குச் சென்று உங்கள் பெயரில் ஸ்கேனர் அட்டை வாங்கி, பழையதைக் கிழித்துவிடுங்கள். தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் மாதம் ஒரு தொகை என்று பேசி நீங்களே கொடுங்கள். உடன்பிறந்தவர் மனம் நோகும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு முறை ஒலிப்பெட்டி "பதினைந்து ரூபாய்" என்று சொல்லும்போதும் அது உங்கள் பால் காசு.

அந்தக் காசு வராததால்தான் தண்டல். 3,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 17,000 தந்திருப்பார்கள். நாளுக்கு 200, நூறு நாள். அறுபதாம் நாளில் புதுப்பித்தால், புதிய 20,000-இல் பழைய பாக்கி 8,000 போகும், மறுபடியும் 3,000 பிடிப்பார்கள், கைக்கு வருவது 9,000. ஆனால் அந்த அறுபது நாளில் நீங்கள் கட்டியது 12,000. இப்படியே போனால் ஆண்டுக்கு 18,000 ரூபாய் வட்டி, சராசரியாக 14,000 ரூபாய்க் கடனுக்கு!

ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். வட்டியை முன்பே எடுத்துவிட்டதால், முன்கூட்டி அடைத்தால் பொதுவாக எதுவும் குறையாது. நூறாவது நாள் வரை கட்டி முடியுங்கள். அறுபதாம் நாள் "புதுப்பிக்கலாமா அக்கா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடை மூடும்போது, வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன், மறுநாள் கொள்முதலைத் தனி டப்பாவில் போடுங்கள். பால் 900, டீத்தூள் ஒரு கிலோ 400, சர்க்கரை 135, கேஸ் பங்கு 300, ஏறத்தாழ 1,750. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கல்லாவில் இருக்கும் 1,800 இதற்குத்தான் காணும், அதனால் ஸ்கேனர் மாறும்வரை வீட்டுச் செலவையும் தண்டல் காசையும் தம்பி தரும் பணத்துக்குள் முடியுங்கள். டீத்தூள் வாங்கத் தேவைப்படாத நாளில் அந்த 400 டப்பாவிலேயே கிடக்கட்டும். சில்லறையாகக் கால் கிலோ பாக்கெட் வாங்குவதை விட்டு ஐந்து கிலோ பை வாங்க அது உதவும். பாலை மட்டும் இருப்பு வைக்காதீர்கள். மாலையில் இரண்டு லிட்டர் மிஞ்சினால் மறுநாள் அந்த அளவு குறைத்து வாங்குங்கள். ஒரு நோட்டில் தினமும் மூன்றே எண்கள்: எத்தனை லிட்டர், கல்லா எவ்வளவு, ஸ்கேனர் எவ்வளவு.

டிஜிட்டல் தங்கம் வேண்டாம். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது, விற்கும் விலை வாங்கும் விலையைவிடக் குறைவு. அது தன் கட்டுப்பாட்டில் வராத பொருள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. தண்டலுக்கு இத்தனை வட்டி கட்டிக்கொண்டே தங்கம் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்டல் முடிந்த பிறகும் முதல் குறைந்தால், தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கிறது. முதல் முறை 15,000 ரூபாய் வரை கிடைக்கும், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீத மானியம். மாநகராட்சியில் வியாபாரி சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே போகும்போது ஸ்கேனர் வரவு உங்கள் பெயரில் இருந்தால் நல்லது.