பணம் போய்ச் சேர்ந்தது, ரீசார்ஜ் வந்து சேரவில்லை

கேள்வி: பதினேழு நாட்களுக்கு முன் ஒரு செயலியில் யுபிஐ மூலம் 859 ரூபாய் செலுத்தி என் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன். ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. டேட்டாவும் வரவில்லை, பேசவும் முடியவில்லை. வங்கி, செயலி, தொலைபேசி நிறுவனம் மூன்றும் என்னைப் பந்தாடுகின்றன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பைத் தவறவிட்டேன். மூவர் மீதும் வழக்குப் போட்டு ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: பச்சை நிறத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் செய்தது ஒரு பரிவர்த்தனை அல்ல, இரண்டு. முதலாவதில் உங்கள் வங்கியிலிருந்து செயலியின் கணக்குக்குப் பணம் போனது. அதன் அடையாளம் 12 இலக்க UTR எண். இரண்டாவதில், இந்த எண்ணுக்கு இந்தத் திட்டத்தைப் போடுங்கள் என்று செயலி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டிருக்க வேண்டும். அதன் அடையாளம், ரசீதில் Operator Ref ID என்று வரும் வேறோர் எண். உங்கள் ரசீதில் இந்த இரண்டாவது எண் இருக்கிறதா? வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

இல்லையென்றால் கோரிக்கை செயலியைத் தாண்டவில்லை என்றே பெரும்பாலும் பொருள். பதில் சொல்ல வேண்டியது செயலி. இருந்தால், அதைக் குறிப்பிட்டுத் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த எண் எந்தக் கைப்பேசிக்கு, எத்தனை மணிக்குப் பதிவானது? ஓரிலக்கம் மாறி வேறொருவருக்குப் போயிருந்தால் தவறு உங்களுடையது. பணம் திரும்புவது அரிது. பழைய திட்டம் முடியாமல் புதியது வரிசையில் காத்திருப்பதும் உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

வங்கியை விட்டுவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையை யாராவது உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். ஐந்து நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று. பன்னிரண்டு நாளுக்கு 1,200 ரூபாய் என்று கணக்குப் போடாதீர்கள். அது, பணம் பிடிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிப்படுத்தல் போகாமல் தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கானது. உங்களுடையது தோல்வியடையவில்லை. பணம் சேர்ந்தது, சேவைதான் வரவில்லை. இது சேவைக் குறைபாடு. இடம் நுகர்வோர் ஆணையம்.

இனி, நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவர் இதே கோபத்தில் வங்கியின் புகார்ப் படிவத்தில் ‘பணம் பெறுநரைச் சேரவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். சேர்ந்ததற்கான பதிவைக் காட்டி வங்கி புகாரை முடித்தது. பிறகு தொலைபேசி நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். ‘அந்த நாளில் உங்கள் எண்ணுக்கு எந்த ரீசார்ஜ் கோரிக்கையும் வரவில்லை’ என்று பதில் வந்தது. செயலிக்கு எதிராக அவர் கையில் இருந்த மிக நல்ல சான்று அந்தக் கடிதம்தான். அவரோ அதை அவமானமாக எடுத்துக்கொண்டு கிழித்துப் போட்டார்.

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. பணம் திரும்பவே இல்லை என்று பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தாளை நீட்டியது. ஆறாம் நாளே முழுத் தொகையும் செயலியின் வாலட்டில் வரவு வைக்கப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்த அவர் வாலட்டைத் திறக்கவே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து போன பணத்தை வாலட்டில் போட்டது சரியா என்று வாதிட நல்ல இடம் இருந்தது. ஆனால் பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பெயரோடு அதை வாதிட முடியவில்லை. ஆகவே எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று பதிவுகளை ஒரே நாளில் எடுத்து வையுங்கள்: பணம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை வங்கிக் கணக்கறிக்கை, வாலட் வரலாறு, உங்கள் எண்ணின் ரீசார்ஜ் வரலாறு.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். செயலிக்குள் இருப்பதையே பயன்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யுபிஐ பின் எண் கேட்பவன் திருடன். பணம் பெற பின் தேவையில்லை. நீங்களாகவே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான்.

நேர்முகத் தேர்வு விஷயத்தை வற்புறுத்த மாட்டேன். வேறு வழியில் ஏன் தொடர்பு கொள்ளவில்லை என்ற முதல் கேள்விக்கே அது விழும். தொலைபேசி நிறுவனத்துக்கு எதிராகவும் நுகர்வோர் ஆணையம் போகலாம் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள சேவை பற்றிய வழக்கைப் பதிய ஆணையத்தில் கட்டணமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. ஆனால் 859 ரூபாய்க்காக எத்தனை வாய்தாவுக்கு அலைவீர்கள்? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்து, இரண்டு எண்களையும் எழுதி, செயலிக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். முழுத்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பினால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு என்னிடம் வாருங்கள்.