சல்வார் இடுப்பில் இலாஸ்டிக் ஏன் சுருள்கிறது?

“மருதமுனையில் வீட்டில் இருந்தபடி பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சல்வார் தைத்துக் கொடுக்கிறேன். இடுப்புக்கு 25 மில்லிமீற்றர் இலாஸ்டிக் போட்டு, எளிதாக நுழைய உள்ளே 35 மில்லிமீற்றர் இடம் விடுகிறேன். நாலைந்து தடவை தோய்த்ததும் அது சுருண்டு கயிறாகிவிடுகிறது. கைமுனையில் போடும் மெல்லிய இலாஸ்டிக்கோ மணிக்கட்டில் தடம் பதிக்கிறது. என்ன செய்யலாம்?”

நீங்கள் விடும் அந்தத் தாராளமான இடம்தான் பாதிக் காரணம். மீதிப் பாதி, பெரும்பாலும் இலாஸ்டிக்கின் வகை. கடையில் ஒரு சாண் அளவு பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது அகலம் குறைந்தால் அது சடைபோல் பின்னிய இலாஸ்டிக். அதன் இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடுவதால், தலைச்சடையை இழுத்தால் மெலிவதுபோல் மெலிகிறது. இடுப்பில் எந்நேரமும் இழுபட்டு ஒடுங்கி நிற்கும் பட்டி, அகன்ற மடிப்புக்குள் புரள்வதில் வியப்பில்லை.

உங்களுக்கு வேண்டியது நெய்த இலாஸ்டிக். நெசவு ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: பாவில் இறப்பர் இழை, குறுக்கே ஊடை. அந்த ஊடைதான் அகலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தொட்டால் கெட்டியாக இருக்கும்; விலையும் சற்றுக் கூடும். இடுப்புக்கு அந்தப் பணம் வீண் அல்ல.

மடிப்பின் உள் அகலம் இலாஸ்டிக்கைவிட 3 மில்லிமீற்றர் மட்டும் கூடட்டும்: 25க்கு 28. தையல் ஓரத்துக்கு 2, உள்ளே மடக்க 10 சேர்த்தால் துணியில் மொத்தம் 40 மில்லிமீற்றர் விட வேண்டும். மேல் விளிம்பிலும் ஒரு தையல் ஓட்டுவதாக இருந்தால், அந்த 28ஐ இரண்டு தையல்களுக்கும் நடுவே அளந்து, மேலே போகும் பகுதியையும் துணியில் கூட்டிக்கொள்ளுங்கள். பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்த மறக்காதீர்கள். பிறகு சுருங்கினால் மடிப்பு இறுகி இலாஸ்டிக் உள்ளே மடங்கும்.

60 சென்ரிமீற்றர் இடுப்புள்ள பிள்ளைக்கு 57 வெட்டி, முனைகளை 2 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் வளையம் 55 வரும். மூடுவதற்கு முன் அந்த வளையம் பிள்ளையின் இடுப்பெலும்புச் சுற்றளவுக்கு இலகுவாக இழுபடுகிறதா என்று பாருங்கள். பின்பு சுருக்கத்தைச் சமமாகப் பரப்பி, இரு பக்கத் தையல்களின் மேலும் நெடுக்காக ஒரு தையல் போடுங்கள், இனிப் புரளாது. சடைப்பின்னல் இலாஸ்டிக்கில் இப்படித் தைக்க வேண்டாம். ஊசி இறப்பர் இழையைத் துளைத்து, அதன் இழுவை தளர்ந்துவிடும்.

கைமுனைக்கு 10 மில்லிமீற்றர் அகலமுள்ள, உல்லன் பின்னலைப்போல் கண்ணி கோத்துப் பின்னிய மென்மையான இலாஸ்டிக் வாங்குங்கள். இழுத்தாலும் ஒடுங்காது, அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். உள் அகலம் 13 போதும். மணிக்கட்டு 14 சென்ரிமீற்றர் என்றால் வளையம் 15 இருக்கட்டும். பிள்ளையின் தோலில் தடம் விழுவது பெரும்பாலும் வளையத்தை மணிக்கட்டைவிடச் சிறிதாக வெட்டுவதால்தான்.

வெள்ளை என்பதால் குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தில் ஊறவைக்கிறார்களா என்று தாய்மாரிடம் கேளுங்கள். அது இறப்பரை அரித்துவிடும். எந்த வகை இலாஸ்டிக் போட்டாலும் அதற்குத் தாங்காது.