ஸ்டென்ட் மாத்திரையும் ஏறிய சர்க்கரையும்: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் இருபது வருடமாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

"அண்ணா, அப்பாவுக்கு 61 வயசு. கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம் ஆச்சு, அட்டர்வாஸ்டாட்டின் 40 போடறார். அப்ப மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டற எச்பிஏ1சி 6.3, இப்ப 6.5. மாத்திரைதான் சர்க்கரையைக் கொண்டு வந்துச்சுன்னு நாலு நாளா நிறுத்திட்டார். சரியா?" (வேலந்தாவளம்)

சரியில்லை. இன்றைக்கே இதய டாக்டருக்கு போன் செய்து, நிறுத்தியதைச் சொல்லி மறுபடி தொடங்க வையுங்கள்.

அட்டர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றுவது உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வெளியான கணக்கில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு, உங்கள் அப்பா போடுவது போன்ற பெரிய டோஸில்கூட எச்பிஏ1சி சராசரியாக 0.08 அளவுக்குத்தான் கூடியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் 1 மி.கி.கூட இல்லை. அப்பாவுக்கு ஏறியது 0.2. அதில் பாதிக்கும் மேல் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

அதனால்தான் எங்கே ரத்தம் கொடுத்தார் என்று உங்களிடம் கேட்டேன். முதல் டெஸ்ட் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், இரண்டாவது சித்தூர் லேபில் என்றீர்கள். இரண்டும் வேறு வேறு மிஷின், 0.2 வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். போதாததற்கு, ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தோட்டத்துக்கு நடந்து போவதை விட்டு 3 கிலோ ஏறியிருக்கிறார். ஒரே லேபில் இன்னொரு முறை பாருங்கள், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒற்றை ரிப்போர்ட்டை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டுவதில்லை.

மறு டெஸ்டிலும் 6.5 வந்தால்? சர்க்கரை நோய்க்கான கோடு 6.5, அவர் முன்பே 6.3இல், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர். ஸ்டேட்டினால் கோடு தாண்டுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான், சின்ன தள்ளல் போதும். 2010இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வின்படி, 255 பேர் நான்கு வருடம் ஸ்டேட்டின் போட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும். அதே 255 பேரில் மாரடைப்பு, இதய நோய் மரணம் மாதிரியானவை ஐந்து தவிர்க்கப்படும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"பிரஷர் மாத்திரை எல்லாமே சர்க்கரையை ஏத்தும்னு தெரியும். அதனால மெட்டோபுரோலாலை நிறுத்திட்டேன், இப்ப நெஞ்சு படபடக்குது." (கோவிந்தாபுரம்)

படபடப்போடு நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி இல்லையென்றாலும் இன்றே டாக்டரிடம் பேசுங்கள். இந்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் இதயம் திடீரென வேகமெடுக்கும், விடுவதாக இருந்தாலும் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

நீங்கள் சொன்னது பாதி சரி. மெட்டோபுரோலாலும் அட்டினோலாலும் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், ஆனால் அம்லோடிபின், டெல்மிசார்டன் எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

"அம்மாவோட பிரஷர் மாத்திரை பேருக்குப் பின்னாடி 'எச்'னு இருக்கு. அதுதான் சர்க்கரையை ஏத்துதாமே?" (மீனாட்சிபுரம்)

அந்த 'எச்' பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரைக் கூட்டும் மருந்து. அட்டையின் பின்புறம் பார்த்தால் பெயர் இருக்கும். 12.5 மி.கி. என்றால் ஏற்றம் சின்னது. இது பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலினைச் சரியாக விடாது, சர்க்கரை ஏறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே சர்க்கரையோடு பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் டாக்டர் 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாற்றலாம். கால் வீக்கத்துக்காகவும் இதைக் கொடுத்திருப்பார்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

"எனக்குச் சர்க்கரை 12 வருசமா இருக்கு. ரோசுவாஸ்டாட்டின் 20 ஆரம்பிச்சப்புறம் காலைச் சர்க்கரை 130ல இருந்து 170 ஆயிடுச்சு. இது கணக்குல வருமா?" (சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வராது சார். முன்பே சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரிய டோஸில்கூட வெறும் வயிற்றில் சராசரி 4 மி.கி. அளவே. 40 ஏறினால் வேறு காரணத்தைத் தேடணும். முட்டியில் ஊசி போட்டதாகப் போன வாரம் கடையில் சொன்னீர்களே, அது ஸ்டீராய்டு ஊசியா என்று கேளுங்கள். அது சில நாளைக்குச் சர்க்கரையை நன்றாக ஏற்றும்.

"அப்போ பிட்டாவாஸ்டாட்டினுக்கு மாத்திட்டா பிரச்னையே இல்லையே அண்ணா?" (வேலந்தாவளம், மறுபடி)

அது சர்க்கரையை அவ்வளவாகத் தொடாது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா டாக்டர்களும் ஏற்கவில்லை. கெட்ட கொழுப்பை அட்டர்வாஸ்டாட்டின் 40 இறக்கும் அளவுக்கு அது இறக்காது. அப்பாவுக்கு இப்போது அந்தக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், எவ்வளவு? அதைச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.